கோர்ட்டுக்கு வேண்டிய பேங்க் ஸ்டேட்மென்ட்: மேனேஜருக்கு எப்படி எழுதுவது?

அண்ணாச்சி, துபாயில் வேலை பார்த்து நான் அனுப்பிய பணத்தில்தான் கல்லிடைக்குறிச்சி வீட்டைக் கட்டினோம். இப்போது பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது. ஐந்து வருட ஸ்டேட்மென்ட்டில் பேங்க் சீல் வாங்கிக் கொடுத்தேன். இது செல்லாது என்கிறார் வக்கீல். ஏன்?

வக்கீல் சொல்வது சரி. விசாவுக்கோ வருமான வரிக்கோ என்றால் சீலும் கையெழுத்தும் பெரும்பாலும் போதும். கோர்ட்டில் அப்படியில்லை. 1891-ஆம் ஆண்டின் வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டப்படி சான்று இருந்தால்தான், பேங்க் அதிகாரி கூண்டேறாமலே அந்த நகலைச் சாட்சியமாக எடுத்துக்கொள்வார்கள்.

கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த பிரிண்ட் என்றால் அந்தச் சட்டத்தின் 2ஏ பிரிவு பொருந்தும். இது இந்தக் கணக்கின் பிரிண்ட்தான் என்று மேனேஜரோ தலைமைக் கணக்கரோ ஒரு சான்று தரவேண்டும். கம்ப்யூட்டர் அமைப்புக்குப் பொறுப்பானவர், அது எப்படிப்பட்டது, பதிவுகளை யாரும் திருத்தாதபடி என்ன பாதுகாப்பு இருக்கிறது, அந்தக் காலத்தில் அது ஒழுங்காக இயங்கியதா என்று இன்னொரு சான்று தரவேண்டும். நீங்கள் 'ஸ்டேட்மென்ட் வேண்டும்' என்று மட்டும் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். எதற்கு என்று தெரியாத மேனேஜர் வழக்கமான சீலைப் போட்டுக் கொடுத்துவிட்டார். கணக்கு இருக்கும் கிளைக்கே இப்படி எழுதுங்கள்:

> கிளை மேலாளர் அவர்களுக்கு,
>
> பொருள்: சான்றிட்ட கணக்கு ஸ்டேட்மென்ட் கோருதல்.
>
> ஐயா, எனது என்.ஆர்.ஈ. சேமிப்புக் கணக்கு (எண் …) தொடர்பாக 1.4.2017 முதல் 31.3.2022 வரையிலான ஸ்டேட்மென்ட் தேவைப்படுகிறது. அம்பாசமுத்திரம் சார்பு நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கில் (எண் …) ஆவணமாகத் தாக்கல் செய்வதற்காக இதைக் கேட்கிறேன்.
>
> ஒவ்வொரு வரவு செலவின் முழு விவரமும், காசோலை எண்ணும், தொடக்க இருப்பும் இறுதி இருப்பும் தெரியும்படி, தேதி வரிசையில் காகிதத்தில் வேண்டும். பக்க எண்ணும், பக்கந்தோறும் சீலும் கையெழுத்தும் இருக்கவேண்டும். வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டம் 2ஏ பிரிவின்படியான சான்றுகளை, கையெழுத்திடுபவரின் பெயர், பதவி, தேதியுடன் இணைத்துத் தர வேண்டுகிறேன். கட்டணத்தை என் கணக்கில் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.

இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் தேதியோடு பெற்றுக்கொண்டதற்கான சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆதார், பாஸ்புத்தக முதல் பக்க நகல்களையும் இணையுங்கள்.

ஸ்டேட்மென்ட் கைக்கு வந்ததும் கவுண்டரிலேயே சரிபாருங்கள். ஒவ்வொரு மார்ச் 31 இருப்பும் அடுத்த ஏப்ரல் 1 தொடக்க இருப்பும் ஒன்றாக இருக்கவேண்டும். வேறுபட்டால் நடுவில் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கும், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார். அப்புறம் ஒன்று: இது பணம் கணக்குக்கு வந்ததைத்தான் காட்டும். அதே பணம் கொத்தனாருக்கும் செங்கல் சூளைக்கும் போனதைக் காட்ட, செக்காகக் கொடுத்த பெரிய தொகைகளைத் தேடி, அந்தச் செக் நகல்களையும் தனியாகக் கேளுங்கள். வழக்கு ஜெயிக்க அதுதான் அதிகம் உதவும்.

எனக்கு 2009-லிருந்து வேண்டும். 'எட்டு வருடத்துக்கு மேல் கிடையாது' என்கிறார்கள். (வள்ளியூர்)

லெட்ஜர்களைக் குறைந்தது எட்டு வருடம் பாதுகாக்கவேண்டும் என்பது 1985-ஆம் ஆண்டு விதி. எட்டு வருடம் ஆனதுமே அழித்துவிட வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. கிளை கோர் பேங்கிங்குக்கு மாறிய பிறகான பதிவுகள் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் இருக்கும். கிளையில் திரையில் தெரியாவிட்டாலும் தலைமையகத்திலிருந்து எடுக்க வாய்ப்புண்டு. அதனால் 'பழைய சேமிப்பிலிருந்தும் தேடித் தரவும்' என்று கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். 2020 ஏப்ரலில் வேறு பேங்கோடு இணைக்கப்பட்ட பேங்க் என்றால் பழைய கணக்கு எண்ணையும் எழுதுங்கள், புது எண்ணை வைத்துத் தேடினால் பழையது வராமல் போகலாம். அப்படியும் இல்லை என்றால், இல்லை என்பதையே எழுத்தில் வாங்குங்கள். பாஸ்புத்தகத்தைக் கோர்ட்டில் காட்டும்போது, ஏன் ஸ்டேட்மென்ட் இல்லை என்று சொல்ல அந்தக் கடிதம் வேண்டும்.

இறந்துபோன அப்பாவின் கணக்குக்கு அண்ணன்தான் நாமினி. எனக்கு ஸ்டேட்மென்ட் தருவார்களா? (தென்காசி)

நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளத்தான் உரிமையுள்ளவர், உங்கள் வாரிசுரிமை அதனால் போய்விடாது. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழ், உங்கள் அடையாள ஆவணம் மூன்றையும் இணைத்து, வாரிசு என்ற முறையில் கேட்கிறேன் என்று எழுதுங்கள். வாரிசுகளுக்குள் தகராறு என்று தெரிந்தால் பல மேனேஜர்கள் தயங்குவார்கள். வாடிக்கையாளர் ரகசியம் காப்பது அவர்கள் கடமை, அதனால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. அப்போது வக்கீல் மூலம் வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் மனுப் போட்டால், கணக்கைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் கோர்ட்டே உத்தரவிடலாம். அண்ணனின் சொந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும் என்றாலும் இதுதான் வழி, மேனேஜருக்கு எழுதிப் பயனில்லை.

கடிதம் கொடுத்தும் பதிலே இல்லையே?

அந்த பேங்கின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு, சீல் வாங்கிய பிரதியை இணைத்துப் புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனுக்கு cms.rbi.org.in தளத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். வாய்தா தேதி நெருங்கிவிட்டால் அதற்குக் காத்திருக்காமல், பேங்க் ஆவணத்தைக் கோர்ட் மூலமே வரவழைக்க உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்.