படம் எடுத்த பாம்பை அடிக்காதீர்கள்

கேள்வி: மாந்தோப்பு ஓரத்தில் ராகித் தாள் போர் போட்டிருக்கிறோம். மாட்டுக்குத் தாள் பிடுங்கப் போனபோது நல்ல பாம்பு ஒன்று சட்டென்று எழுந்து படம் எடுத்து நின்றது. நான் அதை ஒன்றும் செய்யவில்லையே, ஏன் கொத்த வந்தது? பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஓடி வந்து அடித்துவிட்டார்கள். செய்தது சரிதானா?

- ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: சரியில்லை. அந்தப் பாம்பு கொத்த வரவில்லை; கொத்த வேண்டிய நிலைக்குத் தன்னைத் தள்ளிவிடாதே என்று உங்களைத் தடுத்தது. நல்ல பாம்பு எலியைப் பிடிக்கும்போது படம் எடுப்பதில்லை. தரையோடு தரையாக நெருங்கிப் பாய்ந்து பிடிக்கும். இரையிடம் போய் அது தன்னைக் காட்டிக்கொள்ள என்ன தேவை? விழுங்க முடியாத, தன்னை மிதித்தோ அடித்தோ கொல்லக்கூடிய பெரிய உயிர் எதிரே வந்தால்தான் படம் விரியும். மனிதன், மாடு, நாய், கீரி எல்லாம் அந்தக் கணக்கில் வருகின்றன. விஷம் அதற்கு இரை பிடிக்க வேண்டிய பொருள். உண்ண முடியாத உங்கள் மேல் அதைச் செலவழிப்பதால் பாம்புக்கு ஒரு லாபமும் இல்லை.

படம் எப்படி விரிகிறது என்று தெரிந்தால் இது இன்னும் விளங்கும். பாம்புக்கு மார்பெலும்பு கிடையாது. விலா எலும்புகளின் முன்முனைகள் எதனோடும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். நல்ல பாம்பின் கழுத்துப் பகுதியில் மட்டும் இந்த விலா எலும்புகள் நீண்டு, அதிகம் வளையாமல் இருக்கும். சாதாரண நேரத்தில் அவை பின்பக்கமாகச் சாய்ந்து உடம்போடு படிந்திருப்பதால் கழுத்து மெலிந்தே தெரியும். பயந்ததும் கழுத்துத் தசைகள் அவற்றை முன்னும் பக்கவாட்டிலுமாக இழுத்து நிமிர்த்துகின்றன. மேலே உள்ள தளர்ந்த தோல் இழுபட்டு விரிகிறது. விரிந்த படத்தை உற்றுப் பார்த்தால் செதில்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, இடையில் உள்ள தோல் தெரியும். பாம்பு காற்றை ஊதிப் படத்தைப் பெருக்குகிறது என்று சொல்வது தவறு. அந்தச் சீற்றம் மூச்சுக்காற்றின் ஓசை. விரிவது எலும்பும் தசையும். முட்டையிலிருந்து வெளிவந்த குட்டிகூடப் படம் எடுக்கும். இதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை.

உடம்பின் முன்பகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் நல்ல பாம்பு தூக்கி நிறுத்தும். நாலடி நீளப் பாம்பு என்றால் தரைக்கு மேலே நிற்பது ஒன்றேகால் அடி அளவு. மீதி உடம்பு தரையில் சுருண்டு அதற்கு அடித்தளமாகக் கிடக்கும். அந்த நிலையிலிருந்து அது முன்னோக்கிச் சாய்ந்து, மேலிருந்து கீழாகத்தான் கொத்த முடியும். தூக்கிய பகுதி எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான் எட்டும். ஆறடி தள்ளி நிற்பவரை, நின்ற இடத்திலிருந்தே அந்தப் பாம்பால் தொட முடியாது. விரியன்களின் வேகமும் இதற்கு இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: படம் எடுத்த பாம்பு முதலில் அடிக்கும் அடிகள் பலவும் வாயை மூடிக்கொண்டு தலையால் முட்டும் பொய்யடிகள். பக்கத்தில் நிற்பவர் அதையும் மதிக்காமல் நெருங்கினால்தான் பல் பதியும்.

அப்படியென்றால் உங்கள் போரடியில் நடந்தது என்ன? ராகி அடித்த பிறகும் தாளில் கொஞ்சம் மணி தங்கும். அந்த மணிக்கு எலி வருகிறது, எலிக்குப் பாம்பு வருகிறது. பாம்புக்கு வெளிக்காது இல்லை. ஆனால் நீங்கள் நடந்து வரும் அதிர்வு தரை வழியாக அதன் தாடை எலும்புக்கும் உட்காதுக்கும் போய்விடும். வழி இருந்தால் அப்போதே நகர்ந்திருக்கும். நீங்கள் தாளைப் பிடுங்கியதும் மறைப்பு போய்விட்டது, ஆள் கைக்கெட்டும் தூரத்தில், ஓட நேரமில்லை. அதனால்தான் எழுந்தது. எழுந்த பிறகு அது கண்ணால் உங்கள் அசைவைத்தான் பின்தொடர்கிறது. கையை வீசினால் தலை கையோடு திரும்பும். மகுடிக்கு ஆடுவதாகத் தெரிவதும் இதனால்தான். ஆட்டியவனின் கை அசைவுக்கே அது திரும்புகிறது, பாட்டுக்கு அல்ல.

அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. கையை ஆட்டாமல் நில்லுங்கள். பிறகு மெதுவாகப் பின்னால் இரண்டு மூன்று எட்டு வைத்து ஆறடிக்கு மேல் விலகுங்கள். படம் விரித்தபடி பாம்பால் வேகமாக ஊர முடியாது. தப்பிக்க வேண்டுமானால் அது படத்தைச் சுருக்கித் தரையில் படுத்தே ஆக வேண்டும். நீங்கள் நெருக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருக்கும் வரை அதற்குத் துணிவு வராது. விலகியதும் படம் ஒடுங்கும், பாம்பு போகும். போகிற திசையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எலிவளையோ கல்லிடுக்கோ உங்களுக்குப் பின்னால் இருந்தால் அது உங்கள் பக்கமாகத்தான் வரும். "துரத்துகிறது" என்று ஊர் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். பக்கவாட்டில் விலகி வழி விடுங்கள். ஜோடிப் பாம்பு பழிவாங்கும் என்பதற்கும் ஆதாரம் எதுவும் இல்லை.

கம்பெடுத்து அடிக்கப் போனவர்கள் ஆறடியில் இருந்த ஆபத்தை இரண்டடிக்கு இழுத்து வந்தார்கள். முதல் அடி பிசகினால், அடிபட்ட பாம்பு இனிப் பொய்யடி அடித்துக்கொண்டிருக்காது. தவிர, நல்ல பாம்பைக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் வந்துவிட்டால் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

படம் எடுத்து நிற்கும் பாம்பைவிட நான் அதிகம் அஞ்சச் சொல்வது, படம் எடுக்க வாய்ப்பே கிடைக்காத பாம்பை. இருட்டில் வரப்பில் மிதிபட்டாலோ, தாளோடு சேர்த்துக் கை பிடித்துவிட்டாலோ எச்சரிக்க அதற்கு நேரமில்லை, நேராகக் கடிக்கும். "படம் எடுக்கவில்லை, சாரைதான்" என்று இருந்துவிட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. போரைக் கல்தூண் மேல் பலகை போட்டுத் தரையிலிருந்து ஓரடி தூக்கி அடுக்குங்கள். பிடுங்கும் முன் தடியால் அடியைத் தட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்துக் கவைக் கம்பால் இழுங்கள். இரவில் தோட்டத்துக்குப் போனால் டார்ச்சும், கணுக்கால் மூடும் செருப்பும் வேண்டும்.

கடித்துவிட்டால் கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கண் இமை தொங்குவது, இரண்டிரண்டாகத் தெரிவது, பேச்சு குழறுவது ஆகியவை விஷம் நரம்பைப் பிடித்ததற்கு அடையாளம். எப்போது தொடங்கியது என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோகத் தேவையில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மாற்று மருந்தைத்தான் அங்கே ஏற்றுவார்கள்.