பிரஷ் முடி ஏன் கொட்டுகிறது?

“கதவுக்கு எனாமல் அடித்தேன், பெயிண்டெல்லாம் முடி. எந்த பிரஷ் வாங்குவது? சுவருக்கும் அதுவே போதுமா?”

முடியின் அடிப்பகுதி தகரப் பட்டைக்குள் பசையில் ஊறி நிற்க வேண்டும். மலிவு பிரஷ்ஷில் முடியை விரித்துப் பாருங்கள்: நடுவில் அகலமான மரக்கட்டை, சுற்றிலும் கொஞ்சம் முடி. பசை எட்டாத முடிதான் உருவிக்கொண்டு வருகிறது. கடையிலேயே விரலால் இழுத்துப் பாருங்கள். நல்ல பிரஷ்ஷிலும் முதலில் நாலைந்து முடி விழும். உள்ளங்கையில் தட்டி உதறிவிட்டால் நின்றுவிடும்.

மரம், இரும்பு கிரில் எனாமலுக்குப் பன்றிமுடி பிரஷ் நல்லது. சுவருக்கு அடிக்கும், தண்ணீர் கலக்கும் எமல்ஷன் பெயிண்டில் அது தண்ணீர் குடித்துத் துவண்டுவிடும்; அதற்கு நைலான், பாலியஸ்டர் கலந்தது.

ரோலர் என்றால் முடி நீளம் பாருங்கள்: பட்டி பார்த்த சுவருக்கு 10 மி.மீ., சொரசொரப்பான வெளிச்சுவருக்கு 18. இரும்புக் கதவுக்கு 5 போதும். நீள முடி ரோலர் ஆரஞ்சுத் தோல்போல் புள்ளி விடும்.