72 கிலோ கணக்கு

கேள்வி: லாரி, ஹெலிகாப்டர் எல்லாம் இருக்கும்போது மலையில் இருக்கும் ராணுவத்துக்குக் கோவேறு கழுதை எதற்கு? உண்மையிலேயே அவை ஒரு படைக்குச் சாப்பாடும் குண்டும் கொண்டுபோய்ச் சேர்த்தனவா, இல்லை சும்மா பெருமைக்குச் சொல்லும் கதையா?

"சும்மா கதையா" என்ற அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் எழுதுகிறேன். நான் ராணுவத்துக்குச் சப்ளை கொண்டுபோகும் ஏ.எஸ்.சி. என்ற ஆர்மி சர்வீஸ் கோரில், பொதி மிருகங்களை நடத்தும் அனிமல் டிரான்ஸ்போர்ட் பிரிவில் இருந்தவன். உறவுக்காரர்கள் நடுவில் எனக்கு இன்றைக்கும் "கழுதை மேய்ச்சவர்" என்றுதான் பெயர். எந்தத் துப்பாக்கி சுட்டீர்கள் என்று கேட்பார்கள். சுட்டவனுக்குத் தோட்டா எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், நன்றி. அனேகமாகக் கார்கில் பற்றி ஏதோ வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

உடனே ஒருவர் கிளம்பி வந்து, "கார்கில் சண்டையை ஜெயித்தது பீரங்கி, கழுதை இல்லை" என்பார். ஐயா, நானும் அப்படிச் சொல்லவில்லை. 1999இல் செங்குத்தான பாறைகளில் கடைசி ஏற்றத்துக்குக் கோவேறு கழுதையாலும் போக முடியாது. அங்கே மனிதர்கள்தான் முதுகில் சுமந்தார்கள். சாலை முடிகிற இடத்துக்கும் அந்தப் பாறையின் அடிவாரத்துக்கும் நடுவே இருக்கும் பாதையைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் வீரம் கிடையாது, கணக்கு. எங்கள் சாதாரணப் பொதி மிருகத்துக்கு விதித்த சுமை 72 கிலோ. ஆங்கிலேயர் காலத்து 160 பவுண்டு அப்படியே கிலோவுக்கு மாறியது. பீரங்கிப் பாகங்கள் சுமக்கும் பெரிய சாதிக் கோவேறு கழுதைகள் வேறு. அவை 100 கிலோவுக்கு மேலேயே தூக்கும். அந்தக் காலத்து 3.7 அங்குல மலை பீரங்கியைக் கழற்றினால் எட்டு மிருகங்களின் முதுகில் அடங்கிவிடும். அரிசி, மண்ணெண்ணெய், தோட்டா எல்லாம் போனது 72 கிலோ மிருகத்தில்தான்.

இப்போது அது தின்பதைப் பாருங்கள். மலையில் வேலை செய்யும் கோவேறு கழுதைக்குத் தானியமும் காய்ந்த புல்லும் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 9 கிலோ வேண்டும். உயரத்தில், பாறையும் பனியும் இருக்கும் இடத்தில், மேய ஒன்றும் இருக்காது. எட்டு நாள் தீனி 72 கிலோ. அதாவது நாலு நாள் ஏறி நாலு நாள் இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு மிருகத்தை நேராக அனுப்பினால், அது தன் தீனியை மட்டும் சுமந்துகொண்டு போய்விட்டு வரும். மேலே இருக்கும் ஜவானுக்கு ஒரு பிடி அரிசி போய்ச் சேராது. ஆயிரம் கழுதை வைத்திருந்தாலும் அதே கதைதான்.

அதனால் எந்த மிருகத்தையும் நெடுந்தூரம் அனுப்புவதில்லை. பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடுவோம். காலையில் ஏறி, இறக்கிவிட்டு, மாலைக்குள் திரும்புகிற அளவுதான் ஒரு துண்டு. முதல் துண்டின் மிருகங்கள் இரவில் சாலை முனைக்கே வந்துவிடும். அவற்றின் தீனி லாரியில் வருகிறது. ஆகவே சுமை 72 கிலோவும் முழுசாக மேலே போகிறது. இரண்டாவது துண்டின் மிருகங்கள் மேலேயே தங்குபவை. அவற்றின் தீனியை முதல் துண்டின் மிருகங்கள்தான் தூக்கிக் கொடுக்க வேண்டும். எட்டு மிருகம் மேலே வேலை செய்தால் ஒரு நாள் தீனி 72 கிலோ, அதாவது சரியாக ஒரு சுமை. ஆக மேலே எட்டுச் சுமை போக வேண்டும் என்றால் கீழே ஒன்பது சுமை ஏற்ற வேண்டும். மூன்றாவது துண்டு சேர்ந்தால் கீழே பத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். முதல் துண்டுக்கு மேலே சேரும் ஒவ்வொரு துண்டுக்கும், போய்ச் சேர வேண்டிய சரக்கில் எட்டில் ஒரு பங்கு அளவுதான் தீனிக்காகக் கூடுதலாக ஏற்ற வேண்டும். நேராக அனுப்பினால் முழுவதும் கரைந்துபோகும் சரக்கு, இப்படிப் பிரித்தால் பெரும்பகுதி போய்ச் சேர்கிறது. மலைப் படைக்குச் சப்ளை நடந்த ரகசியம் இவ்வளவுதான்.

இந்தக் கணக்கு காகிதத்தில் சுலபமாகத் தெரியும். கெட்டுப்போவது மிருகத்தின் முதுகில்.

சேணம் என்றால் சவாரிக்குப் போடுவது இல்லை. முதுகெலும்புக்கு இருபுறமும் இரண்டு மெத்தைகள், அவற்றை இணைக்கும் வளைவுகள், சுமை தொங்கக் கொக்கிகள். எலும்பின் மேல் எதுவும் படவே கூடாது. சுமை இரண்டு பக்கமும் 36, 36 என்று சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் இரண்டு மூன்று கிலோ கூடினாலும், நூறு அடிக்குள் ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரம் ஏறிய பிறகு சேணம் கனமான பக்கம் சரிய ஆரம்பிக்கும். சரிந்தால் உராயும். மண்ணெண்ணெய் கேன் இதில் பெரிய வில்லன். பாதி நிரம்பிய கேன் உள்ளே தளும்பி ஒவ்வொரு அடிக்கும் எடையை மாற்றும். மூடியில் கசிந்தால் தோல் வெந்துவிடும்.

புறப்பட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கட்டாயம் ஒரு நிறுத்தம் உண்டு. வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது மிருகம் வயிற்றை உப்பி வைத்துக்கொள்ளும். கொஞ்சம் நடந்ததும் வயிறு அடங்கும், மெத்தையும் அமுங்கும், பட்டை தொளதொள என்றாகிவிடும். அங்கேயே மறுபடி இறுக்கியாக வேண்டும். ஏற்றத்தில் சுமை பின்னால் போகாமல் மார்புப் பட்டையும், இறக்கத்தில் கழுத்துக்கு வராமல் பின்தொடைப் பட்டையும் பிடிக்கும். இறக்கத்தில்தான் முதுகு அதிகம் புண்ணாகும்.

திரும்பி வந்ததும் சேணத்தை உடனே கழற்றக் கூடாது. பட்டையை மட்டும் தளர்த்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே வைக்க வேண்டும். அழுத்தத்தில் இருந்த இடத்துக்கு ரத்தம் ஒரேயடியாகப் பாய்ந்தால் வீங்கிவிடும். அப்புறம் கழற்றி வியர்வையைப் பார்ப்போம். மெத்தை இருந்த இடம் முழுக்க ஈரமாக இருந்தால் நல்லது. நடுவில் உள்ளங்கை அளவுக்கு உலர்ந்த திட்டு இருந்தால், அங்கே அழுத்தம் அதிகம், நாளைக்கு அங்கேதான் புண் வரும். காய்ந்த இடம் நன்றாக இருக்கிறது என்று புதுப் பையன்கள் நினைப்பார்கள்.

எங்கள் பிரிவில் நடந்தது ஒன்று. பனி விழுந்து கணவாய் மூடுவதற்கு முன் குளிர்காலச் சரக்கை மேலே சேர்க்கும் மாதம் அது. இளம் அதிகாரி ஒருவர், கெட்டிக்காரர்தான், சுமையைக் கொஞ்ச நாளுக்கு 90 கிலோவாக்கச் சொன்னார். மிருகம் 90 தூக்காதா என்றால், தூக்கும். முதல் நாள்களில் அவர் பேச்சுதான் ஜெயித்தது. எங்கள் ஹவில்தார், அவர் எனக்குக் குரு மாதிரி, ஒன்றும் பேசாமல் மாலையில் அதிகாரியைக் கூட்டிப்போய் வியர்வைத் திட்டுகளைக் காட்டினார். அவர் பார்த்தார். ஆனால் மேலேயிருந்து அவருக்கு வந்த நெருக்கடி அப்படி, நிறுத்தவில்லை. ஒரு வாரத்துக்குள் நாலில் ஒரு பங்குக்கு மேல் முதுகு போய்விட்டது.

கணக்கை நீங்களே போடுங்கள். 40 மிருகம் என்று வையுங்கள். கூடுதலாக 18 கிலோ என்றால் நாளுக்கு 720 கிலோ லாபம், ஆறு நாளில் 4,320 கிலோ. அதில் 12 மிருகம் புண்ணோடு மூன்று வாரம் படுத்தால், நாளுக்கு 864 கிலோ வீதம் 18,000 கிலோவுக்கு மேல் நஷ்டம். சேணப் புண் மூன்று வாரத்தில் ஆறினால் அது அதிர்ஷ்டம். எங்களுக்கு அந்த வருஷம் சரக்கு குறைந்தது. மேலே அவர்கள் குளிர்காலத்தை எப்படித் தள்ளினார்கள் என்று எழுத எனக்கு அதிகாரம் இல்லை. (அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபம் கிடையாது. பின்னாளில் நல்ல பெயர் எடுத்தவர்.)

குதிரையை வைத்தே செய்யலாமே என்று கேட்பீர்கள். மட்டக்குதிரைகளும் உண்டு. லடாக்கில் ஸன்ஸ்காரி குதிரை உயரத்துக்குப் பழகியது. ஆனால் கோவேறு கழுதையின் குளம்பு குறுகலாகவும் கடினமாகவும் இருக்கும், மோசமான தீனியிலும் உடம்பு நிற்கும், பசித்தாலும் வயிறு வெடிக்கத் தின்னாது. பயந்தால் குதிரை ஓடும், இது நின்றுவிடும். ஊர் உலகம் பிடிவாதம் என்று சொல்வது இதைத்தான். ஒற்றையடிப் பாதையில் அது நின்றால் முதலில் முன்னால் போய்ப் பாதையைப் பார்க்க வேண்டும், அடிக்கக் கூடாது. பாதை அரித்துப்போயிருப்பதைப் பல தடவை அதுதான் எங்களுக்குச் சொன்னது. பள்ளத்தாக்கு ஓரமாகவே நடப்பதும் காரணத்தோடுதான். பாறைப் பக்கம் போனால் சுமை இடித்து அதைத் தள்ளிவிடும் என்று தெரியும். நீங்கள் மலையில் நடக்கும்போது பொதி மிருகம் எதிரே வந்தால் பாறைப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1943 முதல் இத்தாலி மலைகளில் லாரிகளோடு வந்த நேசநாட்டுப் படைகள் சேற்றிலும் சரிவிலும் மாட்டிக்கொண்டு, கிடைத்த கோவேறு கழுதைகளை எல்லாம் திரட்டிக் கம்பெனிகள் அமைத்தன. காசினோ மலையில் இரவோடு இரவாகத் தண்ணீரும் குண்டும் அவற்றில்தான் ஏறின.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. வருஷா வருஷம் உயிர்ச் சான்றுக்குப் போனால் என் விரல் ரேகை மெஷினில் விழுவதில்லை. வருஷக்கணக்கில் பனியில் கயிறு பிடித்த கை. கவுண்டரில் இருக்கும் பிள்ளை, "தாத்தா, கையைக் கழுவிட்டு வாங்க" என்கிறது. நான் உயிரோடு இருப்பதற்கு அந்தப் பெட்டி சம்மதிக்க வேண்டியிருக்கிறது. சரி, விடுங்கள்.

ஹெலிகாப்டருக்கு வருகிறேன். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது, இறக்கைக்குப் பிடிப்புக் குறைகிறது. சியாச்சின் பக்கத்து மிக உயர்ந்த காவல் நிலைகளுக்குச் சிறிய ஹெலிகாப்டர் ஒரு தடவைக்குச் சில பத்து கிலோதான் கொண்டுபோக முடியும். மேகம் இறங்கினால் அதுவும் இல்லை. கோவேறு கழுதைக்கும் எல்லை உண்டு. ஆழமான பனியில் வயிறு தட்டிவிடும், லாடத்துக்குள் பனி உருண்டையாக இறுகி வழுக்கும். அதற்கு ஆணி வைத்த லாடமும் பாதத்தில் கொழுப்புப் பூச்சும் உண்டு, அதுவும் ஓரளவுக்குத்தான்.

2025 ஜனவரியில் ராணுவ தின அணிவகுப்பில் நாலு கால் இயந்திரக் கழுதைகள் நடந்ததைப் பார்த்துவிட்டு, இனி உங்கள் ஆட்டம் முடிந்தது என்று பேரன் சிரித்தான். முடியட்டும், எனக்குச் சந்தோஷம்தான். பள்ளத்தில் விழுந்த மிருகத்தைப் பார்த்தவன் யாரும் இன்னும் ஒன்றை அனுப்ப ஆசைப்பட மாட்டான். நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: அது எத்தனை கிலோ தூக்கும், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பேட்டரி தின்னும், இரண்டாவது துண்டில் நிற்கும் இயந்திரத்துக்குப் பேட்டரியை யார் தூக்கிக்கொண்டு போவார்? இங்கே இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் அந்த எண்களைக் கீழே போடுங்கள். எட்டில் ஒரு பங்குக்கு மேலா, கீழா என்று பார்த்துவிடலாம்.