டிவி திரையில் வெண்மையான கோடுகள்: கறையா, பூச்சு போய்விட்டதா?

"55 அங்குல எல்இடி டிவியில் குழந்தையின் கைரேகைகள் இருந்தன. ஜன்னல் கண்ணாடிக்குப் போடும் கிளீனரை அடித்து டிஷ்யூ பேப்பரால் துடைத்தேன். இப்போது டிவியை அணைத்தால் நடுவில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் தெரிகின்றன. எத்தனை தடவை துடைத்தாலும் போகவில்லை. திரை கெட்டுவிட்டதா?"

இனி அந்தக் கிளீனரைத் தொடாதீர்கள். எல்இடி டிவியின் முன்புறத்தில் நம் கை படுவது பெரும்பாலும் கண்ணாடியே அல்ல. கண்ணாடிமேல் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதன்மேல் வெளிச்சம் பிரதிபலிக்காமல் இருக்க ஒரு பூச்சு இருக்கும். ஜன்னல் கிளீனர்கள் பலவற்றில் இருக்கும் அம்மோனியாவும் ஆல்கஹாலும் அந்தப் பூச்சை மங்கச் செய்துவிடலாம். டிஷ்யூ பேப்பர் மென்மையாகத் தெரிந்தாலும் மர நாரில் செய்தது. அழுத்தித் தேய்த்தால் நுண்கீறல் விழும்.

ஆனால் கோடு தெரிவதாலேயே பூச்சு போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் அது கிளீனர் காய்ந்து விட்டுப்போன படிவுதான். மறுபடி மறுபடி அதையே அடித்துத் துடைத்தால் படிவும் கூடிக்கொண்டே போகும். அதை எடுக்க வெறும் தண்ணீர் போதும், அதுவும் மிகக் கொஞ்சமாக.

டிவியை அணைத்து பிளக்கைப் பிடுங்கி, அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூடான திரையில் ஈரம் துடைத்து முடிப்பதற்குள் காய்ந்து புதுக் கோடு போடும். இரண்டு மைக்ரோஃபைபர் துணிகள் வேண்டும். துணி மென்மையாக்கி போட்டுத் துவைத்த துணியாக இருக்கக்கூடாது. அதில் ஒட்டியிருக்கும் மெழுகுத்தன்மையே திரையில் ஈஷிக்கொள்ளும். துணியின் ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளையும் வெட்டிவிடுங்கள். தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு காய்ந்ததும் வெள்ளைத் திட்டாக நின்றுவிடும்.

முதலில் காய்ந்த துணியால், அழுத்தாமல், தூசியை மட்டும் எடுங்கள். தூசி இருக்கும்போதே ஈரத்துணி போட்டால், அந்தத் துகள்களை வைத்தே திரையைத் தேய்ப்பதாகிவிடும். பிறகு இரண்டாவது துணியை நாலாக மடித்து, ஒரு பக்கத்தை மட்டும் நனைத்து, சொட்டு வராத அளவுக்குப் பிழியுங்கள். ஈரம் சரியா என்று பார்க்க, அணைத்த செல்போன் திரையில் ஒரு இழுப்பு இழுங்கள். தடம் மெல்லிய ஆவிபோல் படிந்து சில நொடிகளில் தானே மறைந்தால் சரி. முத்துமுத்தாக நீர் நின்றால் இன்னும் பிழிய வேண்டும்.

மேலிருந்து தொடங்கி, இடமிருந்து வலமாக நேர்க்கோட்டில் துடையுங்கள். இரண்டு கை அகல இடம் முடிந்ததும் காய்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். துணியை அடிக்கடி திருப்பிச் சுத்தமான பக்கத்தை வெளியே கொண்டுவாருங்கள். கோடு திரும்பத் திரும்ப வருவதற்குப் பாதிக் காரணம், அழுக்கேறிய அதே பக்கத்தால் தொடர்ந்து துடைப்பதுதான். கைரேகையின் எண்ணெய் பிசுக்கு போகவில்லை என்றால், அரை லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. அதில் நனைத்துப் பிழிந்த துணியால் அந்த இடத்தை மட்டும் துடைத்து, உடனே வெறும் தண்ணீர்த் துணியால் இரண்டு தடவை துடையுங்கள். சோப்பு மிச்சமிருந்தால் அதுவே அடுத்த கோடு.

எதையும் திரைமேல் நேராக ஸ்பிரே செய்யாதீர்கள். வழிகிற நீர் கீழ்ச்சட்டத்தின் இடுக்கில் இறங்கும். பல டிவிகளில் திரைக்குச் சிக்னல் கொண்டுபோகும் மெல்லிய இணைப்புகள் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. அங்கே ஈரம் புகுந்தால் படத்தில் செங்குத்துக் கோடுகள் விழும். பேனலையே மாற்றச் சொல்லும் பழுது அது. நீங்கள் ஸ்பிரே செய்திருப்பதால், கீழ் ஓரம் முழுக்கக் காய்ந்த பிறகே பிளக்கைச் செருகுங்கள்.

துடைத்து முடித்ததும் அறை விளக்கை அணைத்து, ஒரு டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். கோடு மங்கியிருந்தாலோ இடம் மாறியிருந்தாலோ அது படிவு. புதிதாக நனைத்த துணியால் இன்னொரு சுற்று துடைத்தால் போய்விடும். ஈரமாக இருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் அதே இடத்தில், அதே வடிவத்தில் திரும்பி வந்தால் பூச்சு அரிபட்டிருக்கிறது. அந்த இடத்தில் டார்ச் வெளிச்சமும் சுற்றியுள்ள பகுதியைவிட வெளிறியோ வேறு நிறத்திலோ பிரதிபலிக்கும். அதை வீட்டில் சரிசெய்ய வழியில்லை. டூத்பேஸ்ட், கார் பாலிஷ் என்று தேய்த்தால் திட்டு பெரிதாகும். படம் ஓடும்போது அது கண்ணில் படவில்லையென்றால், அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது.