ரெக்கார்டிங்கில் டாக்டர் ‘வேற கதை’ என்று சொன்ன இடம்

கேள்வி: குழந்தைகள் டாக்டர் ஒருவருக்குப் பதிவு எழுதிக் கொடுக்கும் வேலை வந்திருக்கிறது. அவருக்கு நேரமே இல்லை, பத்து நிமிட ரெக்கார்டிங்தான் தருவாராம். அதை வைத்து, அவரே எழுதியது போல எப்படி எழுதுவது?

நானும் ஒரு குழந்தைகள் டாக்டருக்குத்தான் எழுதிக் கொடுக்கிறேன். முதல் கட்டுரை குழந்தைகளின் காய்ச்சல் பற்றியது. மதிய ஓபி முடிந்து அவர் சாப்பிடப் போவதற்கு முன் கிடைத்தது 12 நிமிடம். அதில் எங்கெங்கே சறுக்கினேன் என்று சொல்கிறேன், உங்களுக்கு அதுதான் உதவும்.

முதலில், "காய்ச்சல் பத்திச் சொல்லுங்க மேடம்" என்று ஆரம்பித்தேன். பாடப்புத்தகம் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார். மூன்று நிமிடம் வீண். அப்புறம், "இன்னைக்குக் காலையில காய்ச்சல்னு வந்த அம்மா உங்ககிட்ட என்ன கேட்டாங்க? பேர் எதுவும் வேண்டாம். நீங்க என்ன சொன்னீங்களோ அதையே சொல்லுங்க" என்றேன். அந்த இடத்தில் குரலே மாறியது. பேசியதை ஒரு 'ம்' கூட விடாமல் எழுதி வைத்திருக்கிறேன்:

"நம்பர் இல்லம்மா முக்கியம். நூத்தி ரெண்டு இருக்கு, ஆனா பிள்ளை விளையாடுது, பால் குடிக்குது, ஒன்னுக்குப் போகுது, அப்படின்னா எனக்கு அவ்வளவா பயம் இல்ல. நூறுதான் இருக்கு, ஆனா துவண்டு கெடக்கு, கண்ணைத் தொறக்க மாட்டேங்குது, அதுக்குத்தான் நான் பயப்படுவேன். மூணு மாசத்துக்குள்ள இருந்தா அது வேற கதை."

இதை நான் முதலில் எழுதிய விதம்: "காய்ச்சலின் அளவைக் காட்டிலும் குழந்தையின் பொதுவான உடல்நிலையே கவனிக்கப்பட வேண்டியதாகும்." படித்துவிட்டு, "யாரு தம்பி இது? எங்க புரொஃபசரா?" என்று கேட்டார்.

பேச்சை எழுத்துக்கு மாற்றும்போது தமிழில் வினைமுற்றை மாற்றித்தான் ஆக வேண்டும். 'கெடக்கு' என்பதை 'கிடக்கிறது' ஆக்கலாம். ஆனால் 'துவண்டு' என்ற சொல்லைத் தொடக்கூடாது, அதைச் 'சோர்வுற்று' ஆக்கினால் ஆள் மாறிவிடுகிறார். அதே மாதிரி அவர் அடுக்கிய வரிசை. விளையாட்டு, பால், ஒன்றுக்கு என்று மூன்று நல்ல அறிகுறி, அப்புறம்தான் 'பயம் இல்லை'. நான் முடிவை முன்னால் தூக்கிப் போட்டு, காரணங்களைப் பின்னால் தள்ளியிருந்தேன். 'நான் பயப்படுவேன்' என்று அவர் தன்னைச் சேர்த்துப் பேசியதையும் 'கவனிக்கப்பட வேண்டும்' என்று ஆளில்லாத வாக்கியமாக்கியிருந்தேன். இரண்டாவது முறை இப்படி வந்தது:

"முதலில் நம்பரை விடுங்கள். 102 இருக்கிறது, ஆனால் பிள்ளை விளையாடுகிறது, பால் குடிக்கிறது, ஒன்றுக்குப் போகிறது என்றால் எனக்கு அவ்வளவாகப் பயம் இல்லை. 100தான் இருக்கிறது, ஆனால் துவண்டு கிடக்கிறது, கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறது. அதற்குத்தான் நான் பயப்படுவேன்."

இதில் 'அவ்வளவாக' என்பதை வெட்டலாமா என்று யோசித்தேன், வாக்கியம் சுத்தமாக இருக்குமே என்று. வெட்டாதீர்கள். 'வந்து', 'இப்ப பாத்தீங்கன்னா' எல்லாம் வாய்ப்பழக்கம், தாராளமாக எடுக்கலாம். 'அவ்வளவாக', 'பெரும்பாலும்', 'நான் பார்த்த வரைக்கும்' அப்படி இல்லை. அவை டாக்டர் அளந்து போடும் சொற்கள். எடுத்துவிட்டால், அவர் சொல்லாத உறுதியை அவர் பெயரில் நீங்கள் சொல்கிறீர்கள்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். 'மூணு மாசத்துக்குள்ள இருந்தா அது வேற கதை' என்பதை, பேச்சு வேறு பக்கம் போகிறது என்று நினைத்து விட்டுவிட்டேன். அது விதிவிலக்கு! மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே, விளையாடினாலும் சரி, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். மேலே உள்ள பத்தியை அந்த ஒரு வரி இல்லாமல் கைக்குழந்தையின் அம்மா படித்தால் என்ன ஆகும்? ஓபியில் எதிரே இருக்கும் குழந்தையின் வயது டாக்டருக்குத் தெரியும், அதனால் போகிற போக்கில் சொன்னால் போதும். எழுத்தில் போதாது. இப்போதெல்லாம் 'வேற கதை', 'அது தனி', 'அதை விடுங்க' என்று எங்கே கேட்டாலும் அங்கே நிறுத்தி, "என்ன கதை மேடம்?" என்று கேட்டுவிடுகிறேன்.

மருந்து அளவும் இப்படித்தான். "பத்து கிலோ பிள்ளைன்னா அஞ்சு எம்எல் குடுங்க" என்று ரெக்கார்டிங்கில் இருந்தது. எந்த பாட்டில்? பாராசிட்டமால் சிரப்பிலேயே 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. சொட்டு மருந்தோ ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். வழக்கமான அளவு, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பத்து கிலோவுக்கு 100 முதல் 150. 120 சிரப்பில் 5 மில்லி சரியாக வரும். 250 சிரப்பில் அதே 5 மில்லி ரொம்ப அதிகம், சொட்டு மருந்தில் 5 மில்லி என்றால் 500 மில்லிகிராம். அவர் பேசும்போது பாட்டில் மேசையில் இருந்திருக்கும், ரெக்கார்டிங்கில் அது இல்லை.

இந்த மாதிரி ஓட்டையை வலையில் தேடி நீங்களே அடைக்காதீர்கள். நான் வாட்ஸப்பில் மூன்றே கேள்வி அனுப்புவேன், ஒரு வார்த்தையில் பதில் சொல்லும்படி: "நீங்க சொன்ன 5 எம்எல், 120-ஆ 250-ஆ?" பதில் குரல் செய்தியாக வந்தது: "120தான். ஆனா எம்எல் கணக்கே போட வேண்டாம் தம்பி. சிரப்பும் ட்ராப்ஸும் ஒன்னு இல்ல, சீட்டுல எழுதினதைப் பார்த்துக் குடுங்கன்னு போடு." அப்படியே போட்டேன். கட்டுரையில் அதிகம் பகிரப்பட்ட வரி அது.

நோயாளிக் கதை ஒன்றும் சொன்னார், ராத்திரி ஜன்னி வந்த ஒரு பையனைப் பற்றி. ஊர், அப்பாவின் தொழில், எந்த மாதம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அந்தக் குடும்பம் படித்தால் தாங்கள்தான் என்று தெரியக்கூடாது, தெரியும்படி எழுதுவதானால் அனுமதி வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறைகள் அப்படித்தான் சொல்கின்றன. டாக்டர்கள் விளம்பரம் செய்து நோயாளிகளைச் சேர்ப்பதையும் அதே நெறிமுறைகள் தடுக்கின்றன. ஆகவே கடைசியில் 'எங்கள் மருத்துவமனைக்கு வாருங்கள்' என்று வால் ஒட்டாதீர்கள்.

முடிந்ததும் டாக்டருக்கு அனுப்பினால் படிக்க நேரம் இருக்காது, 'ஓகே' என்று கட்டைவிரல் மட்டும் வரும். அதை நான் ஒப்புதலாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் காரில் போகும்போது கேட்கட்டும் என்று நானே வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறேன். 500 சொல் கட்டுரை நாலைந்து நிமிடத்தில் கேட்டுவிடலாம். மருந்து, வயது, 'எப்போது ஓடி வர வேண்டும்' என்ற மூன்று இடத்துக்கு மட்டும் எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

டாக்டர் அனுமதியோடு அவருடைய ஓபி சிஸ்டரிடமும் ஒரு தடவை வாசித்துக் காட்டினேன். பத்து வருடமாகப் பக்கத்தில் நின்று கேட்டவர். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "பெற்றோர்கள்னு மேடம் சொல்லவே மாட்டாங்க சார். 'வீட்டுல பெரியவங்க'ன்னுதான் சொல்வாங்க. மருந்து குடுக்கிறது பாதி நேரம் பாட்டிதானே."

மாற்றிவிட்டேன்.