இறங்கும்போது முட்டி வலி

"வெள்ளியங்கிரி ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போது வலது முட்டி முன்பக்கம் குத்துகிறது. என்ன செய்வது?"

உடம்பை மெல்லக் கீழே இறக்கிவிடுவது மேல் படியில் மடங்கி நிற்கிற கால்தான், முட்டிச்சில்லு அதிகம் அழுந்துவது அங்கேதான். அதனால் உயரமான படிகளில் மூங்கில் தடியை இடது கையில் பிடித்து முதலில் கீழ்ப்படியில் ஊன்றுங்கள், கூடவே வலிக்கிற வலது காலை இறக்குங்கள், அப்புறம் இடது காலையும் அதே படிக்குக் கொண்டுவாருங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை. விழுந்துவிடுவோமோ என்று பின்னால் சாயாதீர்கள், தொடை இன்னும் இறுகும். இடுப்பிலிருந்து லேசாக முன்னால் சாய்ந்து, முட்டி உள்பக்கம் சரியாமல் பாதத்துக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கால் 'தொப்'பென்று விழுந்தால் வேகம் அதிகம். வலி அடங்கியதும் வீட்டுப் படியில் 3 எண்ணி மெதுவாக இறங்கிப் பழகுங்கள், ஒரு காலுக்கு 10 தடவை. முட்டி வீங்கினாலோ பூட்டிக்கொண்டாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.