அழிக்க மறுத்தவன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் புகைப்படக்காரன் கதையைப் படித்தேன். கன்னத்துத் தழும்பை அழித்துத் தரச் சொல்லி ஒரு பெண் கேட்கிறாள், அவன் மறுத்துவிடுகிறான். முகம் அவளுடையது, பணம் கொடுப்பதும் அவள். மறுக்க அவன் யார்? அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. அன்று இரவு அவன் தழும்பை அழித்துப் பார்க்கிறான், ஆனால் அந்தப் படத்தை அவளுக்குக் காட்டவே இல்லை. கதை அவன் பக்கம்தான் நிற்கிறதா? தழும்பு எப்படி வந்தது என்றும் கடைசிவரை சொல்லவில்லையே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கதை அவன் பக்கம் பாதி தூரம்தான் போகிறது. எதுவரை போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று சொல்லப் பார்க்கிறேன்.

முதல் நாள் எடுத்த படத்தில் விளக்கு எங்கே இருந்தது என்பதைக் கவனித்தீர்களா? அவளுடைய இடப்பக்கம், கிட்டத்தட்ட காதுக்கு நேராக. தழும்பும் இடது கன்னத்தில்தான். கன்ன எலும்புக்குக் கீழே தொடங்கி உதட்டோரம் வரை இறங்கும், சற்றே உள்வாங்கிய கோடு. பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சம் அப்படிப்பட்ட கோட்டின் ஒரு கரையில் பட்டு மின்னும், மறுகரை நிழலில் விழும். நகத்தால் கீறிய அளவுக்குப் பள்ளம் இருந்தாலும் படத்தில் அது வாய்க்கால் மாதிரி தெரியும். அவள் திரையைப் பார்த்து மிரண்டதில் ஒரு பங்கு அவளுடைய கன்னத்தால் வந்ததில்லை, அவனுடைய விளக்கால் வந்தது. அழிக்க மாட்டேன் என்று சொல்லும் முன் தான் சேர்த்ததை அவன் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் இரண்டாவது முறை அவளை உட்கார வைத்து, பெரிய குடை விளக்கை கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து மறுபடி எடுக்கிறான். பல வாசகர்கள் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்று கடிதங்களிலிருந்து தெரிகிறது. எனக்கு அதுதான் கதையின் நடு.

வெளிச்சத்துக்கும் ஓர் எல்லை உண்டு. முன்னாலிருந்து அடித்தால் நிழல் போகும், பளபளப்பு வரும். தழும்பில் மயிர்க்கால்கள் இருக்காது, மற்றத் தோலில் உள்ள நுண்துளைகளும் இருக்காது. வழவழப்பான பரப்பு வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பும். அதைக் கொஞ்சம் பவுடராலும் முகத்தை லேசாகத் திருப்புவதாலும் அடக்கலாம். நிறமும் வழவழப்பும் மிஞ்சும். அந்த மிச்சத்தைத்தான் அவன் அழிக்க மறுக்கிறான்.

ஏன் மறுக்கிறான் என்பதற்கு வருகிறேன். தழும்புதான் அழகு என்று அவளுக்குப் பாடம் எடுக்க அவனுக்கு உரிமை இல்லை. அப்படி ஒரு வசனம் கதையில் எங்கும் வராதபடி பார்த்துக்கொண்டேன். இந்தத் தொழிலில் பலரும் வைத்திருக்கும் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு வாரத்தில் தானாக மறையக்கூடியது எதுவோ, பரு, கொசுக்கடி, சவரக் காயம், அதைக் கேட்காமலே எடுத்துவிடலாம். மச்சம், தழும்பு போல நிலைத்திருப்பவற்றைக் கேட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். இங்கே அவளே கேட்டுவிட்டாள். வழக்கப்படி பார்த்தால் அவன் அழித்துக் கொடுத்திருக்க வேண்டியதுதான்.

அன்று இரவு அவன் உட்கார்ந்து அழிக்கிறான். வேலை சுலபம். பக்கத்துத் தோலிலிருந்து நுண்துளைகளின் சாயலை எடுத்து, நிறத்தைச் சுற்றியுள்ள இடத்தோடு பொருத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கோட்டின் மேல் பூசிக்கொண்டே போகிறான். சில நிமிடங்களில் கோடு போய்விடுகிறது. படத்தைச் சிறிதாக்கி முழு முகத்தையும் பார்க்கிறான். உதடு கோணியிருக்கிறது.

அவள் சிரித்துக்கொண்டிருந்த படம் அது. சிரிக்கும்போது கன்னம் மேலேறும், மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரும் மடிப்பு ஆழமாகும். தழும்பு மற்றத் தோலைப் போல நீளாது. அதனால் இடப்பக்கம் உதட்டின் முனை கொஞ்சம் பிடித்து நிறுத்தப்படும், மடிப்பும் பாதியில் உடையும். தழும்பு தெரிந்தவரை பார்ப்பவர் கண் அந்தக் கோணலுக்குக் காரணத்தைத் தானே கண்டுகொள்ளும், இது இவருடைய சிரிப்பு என்று எடுத்துக்கொள்ளும். கோட்டை எடுத்துவிட்டால் காரணமில்லாத கோணல் மிஞ்சும். முகவாதம் வந்த முகமோ என்று சந்தேகம் வரும். அதைச் சரிசெய்ய உதட்டை இழுத்து நேராக்க வேண்டும், மடிப்பைப் புதிதாக வரைய வேண்டும், கடைசியில் வலது கன்னத்தைத் திருப்பி இடப்பக்கம் வைத்த மாதிரி ஆகும். அந்தச் சிரிப்பை அவளைத் தெரிந்தவர்கள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவன் மறுப்பது இந்த இடத்தில், இந்தக் காரணத்துக்காக.

இதையும் சொல்லிவிடுகிறேன். அவள் சிரிக்காமல் வாயை மூடி உட்கார்ந்திருந்தால் தோல் இழுபடாது, அழித்த இடம் சுத்தமாகப் பொருந்தியிருக்கும். அப்போது அவன் கையில் மிஞ்சுவது அவனுடைய ரசனை மட்டும். ரசனையை வைத்து மறுக்கக் கூடாது. அந்தப் படத்தை அவன் அழித்துக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இப்போது நீங்கள் உறுத்தியது என்று சொன்ன இடம். ஆம், காட்டாதது அவன் செய்த தவறு. தெரிந்துதான் அவனைச் செய்ய வைத்தேன். உதட்டைக் காட்டி, இதைப் பாருங்கள் என்று சொல்லியிருந்தால் அவள் தானே முடிவெடுத்திருப்பாள். கோணல் இருந்தாலும் பரவாயில்லை, இதையே கொடுங்கள் என்றும் சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் அவன் பயப்படுகிறான். தன் காரணம் சரி என்று நம்புகிறவன் அதை அவள் முன் வைக்கத் துணியவில்லை.

அவன் கவனிக்காமல் விட்டது இன்னொன்றும் இருக்கிறது. படத்தை முதன்முதலில் பார்த்ததும் அவள் கை வலது கன்னத்துக்குப் போகும், பிறகு இடப்பக்கம் மாறும். ஒரே ஒரு வரிதான். நம் முகத்தை நாம் பார்த்துப் பழகியது கண்ணாடியில். கண்ணாடியில் நம் இடது கன்னம் இடப்பக்கமே நிற்கும், படத்தில் எதிரே வலப்பக்கம் போய்விடும். செல்போனில் தன்னைத்தானே எடுக்கும்போதும் எடுக்கும்வரை திரை பெரும்பாலும் கண்ணாடி மாதிரிதான் காட்டும். 1977இல் மீட்டா, டெர்மர், நைட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவருடைய படத்தை உள்ளபடியும் கண்ணாடியில் போல இடம்வலம் மாற்றியும் காட்டியபோது, படத்துக்கு உரியவர்கள் மாற்றிய படத்தையே அதிகம் விரும்பினார்கள், அவர்களுக்கு நெருக்கமானவர்கள் உள்ளபடியான படத்தை விரும்பினார்கள். இரண்டு கன்னமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி உள்ளவருக்கே இந்த வேறுபாடு உறைக்கிறது என்றால், ஒரு கன்னத்தில் மட்டும் தழும்புள்ளவருக்கு எப்படி இருக்கும்? தினமும் ஒரு பக்கம் பார்த்துப் பழகிய கோடு திடீரென்று மறுபக்கம் வந்து நிற்கிறது. இது நான் இல்லை என்று அவள் சொல்வது அதனால். அவன் காதில் அது ‘அழித்துவிடு’ என்று மட்டுமே விழுகிறது. படத்தை இடம்வலம் திருப்பி ஒரு தடவை காட்டியிருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் அவனுக்கு ஓர் உரிமை உண்டு, தன் கையால் செய்ய மாட்டேன் என்பது. அவள் படத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அவனுக்கு உரிமை இல்லை. அதனால்தான் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து, இரண்டு நாளும் எடுத்த படங்களை எதையும் குறைக்காமல் முழு அளவில் அவளிடம் கொடுத்துவிடுகிறான். வேறொருவரிடம் கொண்டுபோய் அழித்துக்கொள்ள அவளுக்கு எந்தத் தடையும் இல்லை. அழித்தாளா என்று கதை சொல்லாது. அது அவள் விஷயம்.

தழும்பு எப்படி வந்தது என்று அவன் அவளிடம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு மின்னுகிறது, சிரித்தால் எங்கே இழுக்கிறது என்று தெரிந்தால் அவன் வேலைக்குப் போதும். அதற்கு மேல் நான் எழுதியிருந்தால், அவனுக்கே சொல்லாததை அவளிடமிருந்து பிடுங்கி உங்களுக்குக் கொடுத்ததாகியிருக்கும்.

அன்புடன்